மங்கலுக்குப் பதில் தெளிவான பொய்

2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி ஆய்வாளரின் கவனத்துக்கு ஒரு விசித்திரம் வந்தது. ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்திருந்தார்கள். அசல் தாளில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் ஆகி வந்த பக்கத்தில் மூன்று அறைகளிலும் 14.13! எழுத்து கலங்கவில்லை, கறை இல்லை. பெரிய அறைக்கும் சின்ன அறைக்கும் ஒரே அளவு போட்டிருந்ததால்தான் பிழை பிடிபட்டது.

காரணம், கோப்பின் அளவைக் குறைக்கும் ஜேபிக்2 என்ற முறை. பக்கத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றுபோல் தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்துவிட்டு, மற்ற இடங்களிலெல்லாம் அதையே ஒட்டிவிடும். எழுத்து பொடியாக இருந்தால் '6'-ம் '8'-ம் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். பழைய நகல் இயந்திரம் தடுமாறினால் மங்கலாக அச்சடிக்கும், நாமும் சந்தேகப்படுவோம். இது தெளிவான தவறை அச்சடித்தது.

இன்று படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வேலை செய்யும் விதம் வேறு. ஆனால் தவறு இதே ஜாதி.

ஒரு பழைய நிலப் பத்திரத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் உயரம் 4000 புள்ளி. ஏ4 தாள் முழுவதும் அதில் அடங்கினால், 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்குச் சுமார் 27 புள்ளி கிடைக்கும், தாராளம். ஆனால் பல மென்பொருள்கள் கணக்குச் சுமையைக் குறைக்கப் படத்தை முதலில் சுருக்கிவிடுகின்றன. உயரம் 1000 புள்ளியானால் அதே எழுத்துக்கு மிஞ்சுவது ஏழே புள்ளி, அகலம் நான்கு. மேசை, விரல், ஜன்னல் எல்லாம் படத்தில் விழுந்து, தாள் பாதி உயரம்தான் இருக்கிறது என்றால் மூன்று நான்கு புள்ளிதான். அதில் 3 எது, 8 எது? தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சாம்பல் நிழலாகக்கூட மிஞ்சாது.

வேடிக்கை என்னவென்றால், மெய்யெழுத்தின் புள்ளி தொலைந்தாலும் மென்பொருள் பெரும்பாலும் சரியாகவே வாசித்துவிடும். 'பத்திரம்' என்ற சொல்லில் இரண்டு புள்ளியும் தெரியாவிட்டாலும் நாம் வாசிப்பதில்லையா, அப்படி. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்த பழக்கம் இடைவெளியை நிரப்பிவிடுகிறது. சர்வே எண்ணில் அந்தப் பழக்கம் உதவாது. 213/8 என்பதும் 218/3 என்பதும் ஒரே அளவு நியாயமான எண்கள். சுற்றியுள்ள சொற்கள் எதுவும் இதுதான் என்று காட்டிக்கொடுக்காது. ஆகவே பக்கம் முழுக்கச் சரியாக வாசித்த மென்பொருள், நமக்கு வேண்டிய ஒரே எண்ணில் சறுக்கலாம். மற்ற வரிகளின் சுத்தமே அந்த எண்ணையும் நம்ப வைக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

கூட்டமான படத்திலும் இதே கதைதான். மேசையில் நான்கு டம்ளர் இருந்தால் எண்ணிச் சொல்லும். திருவிழாக் கூட்டத்தில் தலைகள் ஒன்றையொன்று மறைக்கும்போது அது எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறது. கூட்டத்தை அளக்கவே உருவாக்கிய மென்பொருள்களில் பலவும் இடத்துக்கு இடம் நெருக்கத்தைக் கணித்துக் கூட்டுபவைதான். '347 பேர்' என்று பதில் வந்தால் அந்தக் கடைசி 7-க்குப் பொருளே இல்லை.

"தெரியவில்லை என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். உள்ளே நடப்பது இது: சாத்தியமான ஒவ்வொரு விடைக்கும் மென்பொருள் ஒரு மதிப்பெண் தருகிறது, எல்லாம் சேர்ந்து நூறாக வேண்டும். ஒன்றுமே தெரியாத படத்துக்கும் அந்த நூறைப் பங்கிட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் அதிகப் பங்கு பெற்ற விடை வெளியே வருகிறது. ஆக, 95 விழுக்காடு என்பது 'தெளிவாகப் பார்த்தேன்' என்பதல்ல, 'மற்றவற்றைவிட இது பொருந்துகிறது' என்பதுதான். மெய்யான உறுதி என்றால், 95 என்று சொன்ன நூறு தடவையில் 95 தடவை சரியாக இருக்க வேண்டும். அன்றைய நவீன நரம்பு வலையமைப்புகள் தங்கள் திறமையைவிட அதிக நம்பிக்கை காட்டுகின்றன என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் அளந்தே காட்டினார்கள்.

வழி இருக்கிறது. எண் உள்ள வரியை மட்டும் நெருங்கிப் படமெடுத்துக் கொடுங்கள். அந்த இரண்டு அங்குலத்துக்கே 1000 புள்ளியும் கிடைக்கும். வெளிச்சத்தை மாற்றி இன்னொரு படமும் கொடுங்கள். விடை மாறினால் முதலில் சொன்னது வாசிப்பல்ல, ஊகம். மாறாவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை, ஒரே ஊகம் இரண்டு முறை வரலாம். ரசீது என்றால் வரிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடலாம். சர்வே எண்ணுக்கு அப்படி ஒரு கூட்டுத்தொகை கிடையாது. தாளைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜெராக்ஸ் 2013-இலேயே திருத்த மென்பொருளை வெளியிட்டது. ஆவணக் காப்புக்கு ஜேபிக்2 கூடாது என்று ஜெர்மனி 2015-இல் சொல்லிவிட்டது. அதற்குள் ஸ்கேன் செய்து அசலைக் கிழித்துப் போட்டவர்களிடம் தவறான எண் இருந்தால், அதைச் சரிபார்க்க இனி எதுவும் இல்லை.