ஒரே கம்பியில் எட்டுக் குழாய்கள்

ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும்போது ஆம்ப்ளிஃபையர் கோயில் மண்டபத்தில் இருக்கும். குழாய் ஸ்பீக்கர்களோ தேரடி, கடைவீதி, பேருந்து நிறுத்தம் என்று அரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பங்களில் தொங்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டைக் கம்பி ஒன்றுதான் ஓடுகிறது. அந்த மெல்லிய கம்பியில் இத்தனை தூரம் சத்தம் குறையாமல் போவதற்கு, கம்பியின் இரு முனைகளிலும் இருக்கும் டிரான்ஸ்பார்மர்களே காரணம். இந்த முறைக்கு 100 வோல்ட் லைன் என்று பெயர். அமெரிக்காவில் இதே வேலையை 70 வோல்ட் லைன் செய்கிறது.

டிரான்ஸ்பார்மர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாயின் பின்புறம் திருகப்பட்டிருக்கும் யூனிட்டின் மின்தடை பொதுவாக 16 ஓம். இப்படி எட்டு யூனிட்டுகளை இணையாகக் கோத்தால் மொத்தத் தடை 2 ஓம் ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் 30 வாட் வீதம் 240 வாட் கொடுக்க 22 வோல்ட் போதும். ஆனால் 11 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. சிக்கல் இந்த ஆம்பியரில்தான் இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 500 மீட்டர் இழுத்தால், போக வர 1,000 மீட்டர். அதன் தடை சுமார் 17 ஓம். ஸ்பீக்கர்களின் தடை 2 ஓம், கம்பியின் தடை 17 ஓம் என்றால் சக்தியின் பெரும்பங்கு கம்பியிலேயே தங்கிவிடும். எட்டுக் குழாய்களும் கடைசி முனையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வாட் கூடப் போய்ச் சேராது. ஒரு குழாய்க்கு மூன்றில் ஒரு வாட். விடாப்பிடியாக 11 ஆம்பியரைத் தள்ள நினைத்தால், கம்பியில் மட்டும் 2,000 வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணாகும்.

மின்வாரியம் இதே சிக்கலை நெடுங்காலமாகத் தீர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மின் நிலையத்தில் வோல்ட்டை உயர்த்தி, கோபுரக் கம்பிகளில் குறைந்த ஆம்பியரோடு அனுப்பி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மீண்டும் 230 வோல்ட்டாக இறக்குகிறது. மைக் செட்டிலும் நடப்பது அதுவே. ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் குரலின் மின்னழுத்தத்தை 100 வோல்ட் வரை ஏற்றுகிறது. ஒவ்வொரு குழாயிலும் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மர், அதாவது லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர், அதைத் தன் யூனிட்டுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கிக் கொடுக்கிறது. 240 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்ப 2.4 ஆம்பியர் போதும்.

இப்போது அதே 17 ஓம் கம்பியில் அதே கணக்கைப் போடலாம். லைன் பக்கத்திலிருந்து பார்க்கையில் ஒரு 30 வாட் குழாயின் தடை இனி 16 ஓம் அல்ல, 333 ஓம். எட்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 42 ஓம். 17 ஓம் கம்பியைத் தாண்டி ஸ்பீக்கர்களுக்குச் சுமார் 120 வாட் போய்ச் சேருகிறது. பாதிதானே என்று தோன்றலாம். ஆனால் சக்தி பாதியானால் 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது சற்றே தணிந்த சத்தம், அவ்வளவே. அதுவும் எல்லாக் குழாய்களும் கடைசி முனையில் இருக்கும் மோசமான நிலைக்கான கணக்கு. தெரு நெடுகப் பரவிக் கட்டும்போது இழப்பு இன்னும் குறையும். கம்பியை 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினால், கடைசி முனையிலும் 175 வாட் கிடைக்கும்.

'மாறா மின்னழுத்த லைன்' என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. கம்பியில் எப்போதும் 100 வோல்ட் இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. பேச்சு ஏறி இறங்கும்போது வோல்ட்டும் ஏறி இறங்கும். யாரும் பேசாதபோது பூஜ்யம்தான். ஆம்ப்ளிஃபையர் தன் முழுத் திறனில் ஓடும்போது லைனில் 100 வோல்ட் இருக்கும் என்பதே பொருள். 50 வாட் ஆம்ப்ளிஃபையரானாலும் 500 வாட் ஆம்ப்ளிஃபையரானாலும் இந்த உச்ச அளவு ஒன்றே. அதனால் குழாய்களைச் சேர்ப்பது வீட்டில் பல்புகளைச் சேர்ப்பது போல எளிதாகிவிடுகிறது. ஓம் கணக்கு வேண்டாம். வாட்டைக் கூட்டினால் போதும்.

அந்த வாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் குழாயின் டிரான்ஸ்பார்மரே. அதன் மூடியைத் திறந்தால் ஒரு பக்கத்தில் பொது முனை ஒன்றும், 30, 15, 7.5 என்று குறித்த முனைகளும் தெரியும். இவற்றை டேப் என்பார்கள். லைன் கம்பியை 30-இல் இணைத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 22 வோல்ட் கிடைக்கும். 15-இல் இணைத்தால் சுமார் 15 வோல்ட். தேரடியில் கூட்டம் அதிகம் என்றால் அங்கே 30, வீட்டு ஜன்னலை ஒட்டிய கம்பத்தில் 7.5 என்று வைக்கலாம். ஒரே கம்பியில் தொங்கும் குழாய்களுக்குத் தனித்தனி சத்த அளவு வைக்க முடிவது, இந்த முறை தரும் பெரிய வசதி.

கூட்டல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம். 250 வாட் ஆம்ப்ளிஃபையரில் எட்டுக் குழாய்களுக்கு 240 வாட், சரியாக இருந்தது. விழாக் குழுவினர் மேலும் நான்கு குழாய்கள் கேட்க, அவையும் 30 வாட் டேப்பிலேயே கட்டப்பட்டால் மொத்தம் 360 வாட். சத்தத்தைக் கூட்டும்போது குரல் கரகரக்கும், ஆம்ப்ளிஃபையர் கொதிக்கும், பியூஸ் போகலாம். பன்னிரண்டையும் 15 வாட் டேப்புக்கு மாற்றினால் 180 வாட்தான் ஆகும். ஒவ்வொரு குழாயும் 3 டெசிபல் தணியும், ஆனால் குரல் தெளிவாக இருக்கும். கரகரத்த உரத்த சத்தத்தை விட அதுவே நன்றாகப் புரியும்.

இன்னொரு கோளாறு பேச்சில் தெரியாது, பாட்டில் தெரியும். அறிவிப்பு தெளிவாகக் கேட்கும். தவில் அல்லது பேஸ் அதிகமுள்ள பாட்டு வந்ததும் சத்தம் பிய்ந்துபோகும், ஆம்ப்ளிஃபையர் சுடும். அதிர்வெண் குறையக் குறைய டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் அதிகக் காந்தப் புலத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் இரும்பு நிறைந்துவிடும். அப்போது அதன் தடை சரிந்து, லைனையே ஷார்ட் செய்தது போல் ஆகும். குழாயால் தாழ்ந்த ஒலியை எப்படியும் சரிவரத் தர முடியாது என்பதால், ஆம்ப்ளிஃபையரில் பேஸைக் குறைப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, டிரான்ஸ்பார்மர் இல்லாத குழாயை 100 வோல்ட் லைனில் நேராக இணைப்பது. 16 ஓம் யூனிட்டில் 100 வோல்ட் என்றால் கணக்குப்படி 625 வாட். தலைமயிர் போன்ற கம்பி சுற்றிய அதன் காயில் சில நொடிகளில் கருகிவிடும். அதனால் புதிதாக ஒரு குழாயை லைனில் சேர்க்குமுன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது அவசியம். மல்டிமீட்டர் இங்கே முழு உதவி செய்யாது. அது டிரான்ஸ்பார்மர் சுற்றின் நேர்மின் தடையை மட்டுமே காட்டும், லைனின் உண்மையான சுமையைக் காட்டாது. அதை அளக்க 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்திப் பார்க்கும் இம்பீடன்ஸ் மீட்டர் வேண்டும். 250 வாட் ஆம்ப்ளிஃபையரில் அது 40 ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், எங்கோ டேப் கூடியிருக்கிறது அல்லது கம்பி ஒட்டியிருக்கிறது.

ஸ்பீக்கர் கம்பிதானே என்று இந்த லைனை வெறும் கையால் தொடக் கூடாது. முழுச் சத்தத்தில் ஓடும்போது அதில் இருப்பது ஷாக் அடிக்கும் மின்சாரம். இணைப்புகளை டேப் சுற்றி மூட வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்த பிறகே கம்பத்தில் ஏற வேண்டும்.