இருபத்து மூன்றும் முப்பத்திரண்டும்: பெயர் எண்ணை மாற்றுமுன் அறிய வேண்டியவை

பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்புக் கொடுத்துக் கூட்டுவது கல்தேய எண் கணித முறை. அப்படி வரும் இரட்டை இலக்கத் தொகை கூட்டு எண் எனப்படும். அதன் இலக்கங்களை மறுபடி கூட்டினால் ஒற்றை எண் கிடைக்கும். ஒற்றை எண் ஒருவர் பிறர் கண்ணுக்குத் தெரியும் விதத்தையும், கூட்டு எண் அவருக்குப் பின்னால் மறைந்து இயங்கும் விதியையும் காட்டுவதாக, இம்முறையைப் பரப்பிய சீரோ 1926-இல் வெளியான தம் நூலில் எழுதினார். 23, 32 இரண்டும் புதனுக்குரிய 5-இல் முடிந்தாலும் அவற்றின் பலன்கள் வேறாவது இதனால்தான். சிங்கத்தின் அரச விண்மீன் எனப்படும் 23, வெற்றியையும் உயர்நிலையில் இருப்போரின் ஆதரவையும் தரும் என்பர். 32 பலரைக் கூட்டிச் சேர்க்கும் எண். ஆனால் அதற்குரியவர் தம் முடிவில் உறுதியாக நிற்காவிட்டால், பிறருடைய பிடிவாதத்தால் திட்டங்கள் சிதையும் என்ற நிபந்தனையும் உடையது. விளம்பரங்களில் இந்த நிபந்தனை பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

SELVI என்னும் பெயரை எடுத்துக்கொண்டால், 3+5+3+6+1 என்று 18 வரும். குடும்பச் சச்சரவைக் குறிப்பதாகச் சொல்லப்படும் இந்த எண்ணைத் தவிர்க்க, கடைசியில் 5 மதிப்புள்ள E-ஐச் சேர்த்து SELVIE என்று எழுதினால் 23 ஆகிவிடும். ஆனால் M என்ற தலைப்பெழுத்தின் 4-ஐயும் கணக்கில் கொண்டால் பழைய பெயர் 22, புதிய பெயர் 27. விரும்பிய 23 எங்கும் இல்லை. தலைப்பெழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் கணிப்பவருக்குக் கணிப்பவர் வழக்கம் மாறும். கல்தேயர் ஆப்பெழுத்தில் எழுதியவர்கள். ஆங்கில அகரவரிசையை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை என்பதும் நினைவில் வைக்கத் தக்கது.

கூடுதலாக ஏறிய அந்த ஓர் எழுத்தின் உண்மையான விளைவு ஆவணங்களில்தான் தெரியும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயரும் இருந்தால் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரி ஆகியவற்றில் சிக்கல் எழும். பெயரை மாற்றிக்கொள்வது ஒருவரின் உரிமை. தமிழ்நாட்டில் அதை அரசிதழில் வெளியிட்டு முறைப்படுத்திக்கொள்ளலாம். ஆயினும் ஆதாரில் பெயரைத் திருத்தப் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. அதேபோல், கையொப்பத்தில் மட்டும் புதிய எழுத்தைச் சேர்க்கச் சொல்லும் அறிவுரையை ஏற்குமுன், வங்கியில் பதிவாகியுள்ள மாதிரிக் கையொப்பத்துடன் அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனை நாளில் கடன் தீரும், நோய் அகலும் என்று உறுதி கூறிப் பணம் பெற்றால், அதை நம்பிக்கை சார்ந்த விஷயம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தையும் முறையற்ற வணிக நடைமுறையையும் தடுக்கிறது. பணம் கொடுத்தவர் ரசீது, விளம்பரம், குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பாதுகாத்து, 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பலன் வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்டிருந்தால் மெய்ப்பிப்பது கடினம் என்பதால், பணம் கொடுக்குமுன்பே அதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.