தடையுத்தரவு மனு: பிரமாணப் பத்திரத்தில் வாதத்துக்கு என்ன வேலை?

பக்கத்து மனைக்காரர் எட்டடிப் பொதுப் பாதையின் குறுக்கே அஸ்திவாரம் தோண்டுகிறார். வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டுவிடுவார். தீர்ப்பு வரும்வரை காத்திருந்தால் பாதை இருக்காது. ஆகவே பிராதுடன் சேர்த்து, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 1, 2-இன்படி இடைக்காலத் தடை கேட்டு அவசர மனு போடுகிறார்கள். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும் முன்பே நீதிபதி முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. சாட்சிக் கூண்டில் யாரும் ஏறுவதில்லை. அவர் கையில் இருப்பது ஆவணங்களும் பிரமாணப் பத்திரமும்தான்.

நம் நீதிமன்றங்களில் மனு என்பது பெரும்பாலும் ஒரே பக்கம். ‘இணைப்பில் உள்ள பிரமாணப் பத்திரத்தில் சொல்லப்பட்ட காரணங்களுக்காக’ என்று எழுதி, கேட்கும் பரிகாரத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பாரம் முழுவதும் பிரமாணப் பத்திரத்தின் தலையில் விழுகிறது. வழக்கறிஞர் பேச வேண்டிய வாதமும் கட்சிக்காரரின் சத்தியமும் ஒன்றாகக் கலப்பது இந்தப் பழக்கத்தால்தான். சட்டம் இதை விரும்பவில்லை. கட்டளை 19, விதி 3-இன்படி பிரமாணப் பத்திரத்தில் வர வேண்டியவை, கையெழுத்திடுபவர் தாமே அறிந்து நிரூபிக்கக்கூடிய சங்கதிகள் மட்டுமே. இடைக்கால மனுக்களில் அவர் நம்புவதையும் சொல்லலாம், ஆனால் நம்புவதற்கான ஆதாரத்தைக் கூடவே சொல்ல வேண்டும். செவிவழிச் செய்தியையும் வாதத்தையும் தேவையின்றி அடைத்தால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதற்கான செலவைத் தாக்கல் செய்தவரே ஏற்க வேண்டும்.

மேலே சொன்ன கற்பனை வழக்கையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான வரைவில் இப்படி ஒரு பத்தி இருக்கும்: “பிரதிவாதி சட்டத்தைத் துச்சமாக மதித்து, அடியாட்களுடன் அத்துமீறி, என் உரிமையைப் பறிக்க முயல்கிறார். வசதிச் சமநிலை எனக்கே சாதகம். தடை வழங்காவிட்டால் ஈடுசெய்ய முடியாத நட்டம் ஏற்படும்.” படித்து முடித்த நீதிபதிக்குப் பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம், யார் பார்த்தது என்ற எதுவும் தெரியாது. அடைமொழிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெற்றுத்தாள்.

அதே பத்தியைச் சங்கதியாக எழுதினால்: “திங்கள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். பாதையின் தென்முனையில் ஜேசிபி மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டியது. நான் கேட்டபோது, வெள்ளிக்கிழமை கான்கிரீட் என்று பிரதிவாதி சொன்னார். என் வீட்டிலிருந்து தெருவுக்கு வர வேறு வழி இல்லை.” ஈடுசெய்ய முடியாத நட்டம் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் அந்த வாதத்தை எழுந்து நின்று பேசிவிடலாம். முதல் தோற்றத்தில் வழக்கு இருக்கிறதா, வசதிச் சமநிலை யார் பக்கம் என்பவையும் அவர் வாயில் வர வேண்டியவை. கட்டளை 19, விதி 2-இன்படி பிரமாணம் செய்தவரைக் குறுக்கு விசாரணைக்கு அழைக்கலாம். குழியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார், வசதிச் சமநிலையைப் பற்றிக் கேட்டால் திணறுவார்.

யார் கையெழுத்திடுவது என்பதிலும் கவனம் வேண்டும். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார், பொது அதிகார முகவர் என்பதால் அவரே கையெழுத்துப் போடுகிறார் என்று வையுங்கள். குழியைப் பார்த்தவர் ஊரில் இருக்கும் தாயார். மகன் “பார்த்தேன்” என்று எழுதினால் அது பொய். “என் தாயார் திங்கட்கிழமை தொலைபேசியில் சொன்னார், அதை உண்மையென நம்புகிறேன்” என்றுதான் எழுத முடியும். அதைவிடத் தாயாரே ஒரு பிரமாணப் பத்திரம் கொடுப்பது மேல். எந்தப் பத்தி சொந்த அறிவு, எந்தப் பத்தி கேட்டறிந்தது, யாரிடமிருந்து என்று சரிபார்ப்பில் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை’ என்று மொத்தமாக மூடுவது போதாது. உச்ச நீதிமன்றம் 1952-இல் புருஷோத்தம் ஜோக் நாயக் வழக்கிலேயே இதைக் கண்டித்திருக்கிறது.

இன்னொன்று, நமக்குப் பாதகமான சங்கதி. எதிர்தரப்பு இல்லாத நேரத்தில் ஆணை கேட்பவர் அதை மறைக்கக் கூடாது. பிரதிவாதியிடம் அந்தப் பாதையைச் சேர்த்துக் காட்டும் கிரயப் பத்திரம் இருப்பது தெரிந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அது ஏன் செல்லாது என்பது வாதம், அதற்கு வேறு இடம் உண்டு. குழி பதினைந்து நாளுக்கு முன்பே தோண்டப்பட்டிருந்தால், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். சென்னையிலிருந்து போன செங்கல்வராய நாயுடு வழக்கில், விடுதலைப் பத்திரத்தை மறைத்துப் பெற்ற பாகப்பிரிவினைத் தீர்ப்பை மோசடி என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

தடை கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே எதிர்தரப்புக்குக் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும். அப்படிச் செய்ததாக அன்றே அல்லது மறுநாள் இன்னொரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மனுவை 30 நாளில் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பது கட்டளை 39, விதி 3ஏ.

வழக்கறிஞர் நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நீங்கள் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சியம் அளித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தத் தண்டனை விழுவது கையெழுத்துப் போட்டவர் மேல்.