பதில் வராத பத்து நொடி

இணையக் கடையில் பணம் கட்டும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொறுமை இழந்து மறுபடியும் பட்டனை அழுத்துகிறோம். அடுத்த நிமிடம் இரண்டு எஸ்எம்எஸ் வருகின்றன. ஒரே கடை, ஒரே தொகை, இரண்டு முறை பிடித்தம். புகார் சொன்னால், "நீங்க ரெண்டு தடவை அழுத்தியிருக்கீங்க சார்" என்று பழி நம் விரல் மீதே வந்து விழுகிறது. பட்டன் இருந்தால் மனிதர்கள் இரண்டு முறை அழுத்தத்தான் செய்வார்கள். அழுத்தினாலும் பணம் ஒருமுறைதான் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது, அந்த மென்பொருளை எழுதியவரின் வேலை. அதைச் செய்ய முப்பது நாற்பது வரி நிரலும் கொஞ்சம் முன்யோசனையும் போதும்.

நடந்தது என்ன?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வாலட்டில் ரூ.8,000 வைத்திருக்கும் ஒருவர் ரூ.3,450க்குச் சேலை வாங்குகிறார். ஒருமுறை இணைத்துவிட்டால் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும் வாலட் அது. காலை 10:14:05க்குப் பட்டனை அழுத்துகிறார். கோரிக்கை கைப்பேசியிலிருந்து கடையின் சர்வருக்குப் போகிறது. கடையின் சர்வர் வாலட் நிறுவனத்திடம் "3,450 எடுத்துக் கொடு" என்று கேட்கிறது. 10:14:09க்கு வாலட் நிறுவனம் பணத்தை எடுத்துவிட்டது, மீதி ரூ.4,550. "எடுத்தாயிற்று" என்ற பதிலையும் அனுப்பிவிட்டது. ஆனால் நெட்வொர்க் கோளாறால் அந்தப் பதில் கடைக்கு வந்து சேரவில்லை.

கடையின் சர்வர் பத்து நொடி காத்திருக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டித்து, "பணம் செலுத்த முடியவில்லை, மீண்டும் முயலவும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறது. அவர் மீண்டும் முயல்கிறார். வாலட் நிறுவனத்துக்கு இது இன்னொரு புதிய கோரிக்கை. இன்னொரு 3,450 போகிறது, மீதி ரூ.1,100. கடை சொன்னதைத்தான் வாடிக்கையாளர் செய்தார். கடை சொன்னதுதான் தவறு.

பதில் வராத அந்தப் பத்து நொடியில் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். கோரிக்கை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். சேர்ந்து, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். காத்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி மௌனம்தான். நம்ப முடியாத கம்பி வழியே பேசும் இருவர், ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சேர்ந்ததா என்று முழு உறுதிக்கு வரவே முடியாது என்பதை 1970களிலேயே கணினி அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். எனவே டைம்அவுட் ஆனால் "தோல்வி" என்று எழுதக் கூடாது. "தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும்.

மறுபடி கேட்காமலே இருந்துவிடலாமா? அப்போது கோரிக்கை சேராமல் போன வாடிக்கையாளருக்குச் சேலை கிடைக்காது. ஆகவே மறுபடி கேட்கத்தான் வேண்டும், அப்படிக் கேட்பது ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் விளைவு ஒருமுறை கேட்டதாகவே இருக்கும் தன்மைக்கு ஐடெம்பொட்டன்சி என்று பெயர். "மீதித் தொகை எவ்வளவு?" என்ற கேள்வியில் இது இயல்பாகவே இருக்கிறது. "3,450 எடு" என்ற கட்டளையில் இல்லை. அங்கே நாம்தான் கொண்டுவர வேண்டும்.

கோரிக்கைக்கு ஓர் எண்

வழி பழையதுதான். காசோலையில் எண் அச்சிட்டிருக்கிறதே, அதே எண்ணில் இரண்டாவது காசோலை வந்தால் வங்கி பணம் தராது. மென்பொருளிலும் ஒவ்வொரு கோரிக்கையோடும் திரும்ப வராத ஓர் அடையாளத்தை அனுப்ப வேண்டும். கட்டணச் சேவைகள் பலவற்றில் இது `Idempotency-Key` என்ற தலைப்பு வரியில் போகிறது. பெறுபவர் முதல்முறை அந்தச் சாவியைப் பார்த்ததும் குறித்துவைத்துக்கொண்டு வேலையைச் செய்வார், பதிலையும் சேமிப்பார். அதே சாவி மறுபடி வந்தால் வேலையைத் தொடாமல், சேமித்த பதிலைத் திருப்பித் தருவார்.

இதை எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா?" என்று டேட்டாபேஸில் தேடிவிட்டு, இல்லையென்றால் எழுதுவது என்று இரண்டு படிகளாகச் செய்வார்கள். சோதனையில் அழகாக ஓடும். ஆனால் வாடிக்கையாளர் பட்டனை இரட்டைச் சொடுக்காக அழுத்தும்போது இரண்டு கோரிக்கைகளும் கண்சிமிட்டும் நேரத்துக்குள் வருகின்றன. இரண்டும் தேடுகின்றன, இரண்டுக்கும் "இல்லை" என்றே விடை, இரண்டும் பணம் எடுக்கின்றன. தேடுவதையும் எழுதுவதையும் ஒரே செயலாக்கி, தீர்ப்பை டேட்டாபேஸிடமே விட வேண்டும். `customer_id`, `idem_key` இரண்டும் சேர்ந்த ஜோடிக்கு `UNIQUE` கட்டுப்பாடு போட்டுவிட்டால், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-இல் இது ஒரே கட்டளை:

```sql
INSERT INTO payment_requests
  (customer_id, idem_key, request_hash, status)
VALUES ($1, $2, $3, 'processing')
ON CONFLICT DO NOTHING;
```

ஒரு வரிசை சேர்ந்திருந்தால் நாம்தான் முதலில் வந்தவர். உடனே கமிட் செய்துவிட்டு, அதன் பிறகே வாலட் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். எதுவும் சேரவில்லையென்றால் வேறொருவர் முந்திவிட்டார். அவர் வேலையை முடித்திருந்தால் சேமித்த பதிலைக் கொடுக்கலாம். இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 409 என்ற பதிலைத் தந்து, சற்றுப் பொறுத்துக் கேட்கச் சொல்லலாம்.

`request_hash` எதற்கு? அதே சாவியோடு வேறு தொகை வந்தால் கண்டுபிடிக்க. முதலில் 3,450 என்று வந்து பிறகு 4,350 என்று வந்தால் எங்கோ பிழை இருக்கிறது. பழைய பதிலைக் கொடுத்து மூடி மறைக்காமல், கோரிக்கையையே மறுக்க வேண்டும். ஸ்ட்ரைப் நிறுவனத்தின் சேவையும் இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்த்துப் பிழை சொல்கிறது.

சாவி எப்போது பிறக்க வேண்டும்?

நிரலைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். பட்டனை அழுத்தும்போதெல்லாம் புதுச் சாவி உருவானால், இரண்டு அழுத்தலுக்கு இரண்டு சாவி, இரண்டு பிடித்தம். போட்ட வேலையெல்லாம் வீண். வாடிக்கையாளர் எண்ணையும் தொகையையும் சேர்த்துச் சாவியாக்கினாலோ, காலையில் ஒரு காபி வாங்கியவர் மாலையில் அதே விலைக்கு இன்னொன்று வாங்க முடியாது. சாவி ஒரு வாங்கலுக்கு உரியது. கட்டணப் பக்கம் திறக்கும்போது, ஆர்டர் உருவாகும் கணத்தில் அது பிறந்து, ஆர்டரோடு சேமிக்கப்பட வேண்டும். பக்கத்தைப் புதுப்பித்தாலும், செயலியை மூடித் திறந்தாலும் அதே சாவிதான் போக வேண்டும். பட்டனை முதல் அழுத்தலிலேயே மங்கலாக்குவது நல்ல பழக்கம். ஆனால் வாடிக்கையாளர் பக்கத்தைப் புதுப்பித்தாலோ, நெட்வொர்க் நூலகம் தானாக மறுமுறை அனுப்பினாலோ மங்கிய பட்டனால் ஒன்றும் செய்ய முடியாது.

சாவி எப்போது காலாவதியாக வேண்டும் என்பதும் உண்டு. வாலட்டில் பணம் போதாமல் மறுக்கப்பட்டால், அந்த மறுப்பும் அதே சாவியில் சேமிக்கப்பட்டுவிடும். வாடிக்கையாளர் பணம் போட்டுவிட்டு வந்து முயன்றாலும் பழைய மறுப்பே திரும்ப வரும். ஆகவே தெளிவான தோல்விக்குப் பின் செய்வது புது முயற்சி, அதற்குப் புதுச் சாவி. "தெரியவில்லை" என்ற நிலைக்குப் பின் செய்வது பழைய முயற்சியின் தொடர்ச்சி, அதற்குப் பழைய சாவி. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் வராது.

இப்போது சேலைக் கதையைத் திரும்ப ஓட்டுவோம். முதல் முயற்சி டைம்அவுட் ஆகிறது. கடையின் அட்டவணையில் அந்தச் சாவி `processing` என்றே நிற்கிறது. திரையில் "உறுதிசெய்கிறோம், காத்திருங்கள்" என்று வருகிறது. கடையின் சர்வர் அதே சாவியோடு வாலட் நிறுவனத்திடம் மறுபடி கேட்கிறது. அங்கே 10:14:09க்குச் சேமித்த பதில் இருக்கிறது. அது திரும்பி வருகிறது. மீதி ரூ.4,550 அப்படியே இருக்க, சேலை உறுதியாகிறது. சர்வரே நடுவில் செயலிழந்துபோயிருந்தாலும் இதே வழிதான். நெடுநேரமாக `processing` என்று கிடக்கும் வரிசைகளைத் தேடியெடுத்து, அதே சாவியால் விசாரிக்கும் ஒரு பின்னணி வேலை ஓட வேண்டும். இந்த ஏற்பாடு நடக்க, சாவி வாடிக்கையாளரிடமிருந்து கடை வரைக்கும் மட்டுமின்றி, கடையிலிருந்து வாலட் நிறுவனம் வரைக்கும் போக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி சாவியைத் தவறவிட்டாலும் அந்த இடத்தில் பணம் இரட்டிக்கும். அந்த நிறுவனம் எவ்வளவு காலம் சாவியை நினைவில் வைத்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரைப் சேவையில் சாவிகள் குறைந்தது 24 மணி நேரம் இருக்கும், பிறகு நீக்கப்படலாம். அதற்கு மேல் தாமதித்துக் கேட்டால் அது புதுக் கோரிக்கையாகிவிடும்.

எட்டாத இடம்

சாவியால் தீராத ஒன்றும் இருக்கிறது. பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, தொகையை நாமே அடித்து, பின் எண்ணைப் போடுகிறோம். ஸ்பீக்கர் பேசவில்லை என்று மறுபடியும் ஸ்கேன் செய்து மறுபடியும் பின் போட்டால், அவை இரண்டு தனித்தனிப் பரிவர்த்தனைகள். அந்த அட்டையில் பில் எண் இல்லை, எனவே இரண்டும் ஒரே தேநீருக்குத்தான் என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது. பில்லுக்கு ஒன்றாக உருவாகும் க்யூஆரில் `tr` என்ற இடத்தில் குறிப்பு எண் இருப்பதால், அங்கே கடையின் மென்பொருளால் இரட்டிப்பைக் கண்டுபிடிக்க முடியும்.

பணம் பிடித்து, கடைக்கு உறுதி வராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்திருக்கிறது. யுபிஐ மூலம் கடைக்குச் செலுத்திய பணமானால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கான விதி. இரண்டு முறையும் வெற்றிகரமாகப் போன பணத்தைக் கடைதான் திருப்பித் தர வேண்டும். அதைக் கேட்டுப் பெற, இரண்டு பரிவர்த்தனைகளின் 12 இலக்கக் குறிப்பு எண்களும் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே பணம் கட்டுபவர், வட்டம் சுற்றி நின்றால் கணக்கின் மீதியையும் பரிவர்த்தனைப் பட்டியலையும் பார்த்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். நிரல் எழுதுபவர், உங்கள் சோதனைச் சூழலில் ஒரு வேலை செய்யுங்கள்: பணம் எடுத்த பிறகு, பதில் வருமுன் இணைப்பை வெட்டிவிட்டு, அதே ஆர்டருக்கு மறுபடி பட்டனை அழுத்துங்கள். வாலட் நிறுவனத்தின் கணக்கில் இரண்டு பிடித்தம் தெரிந்தால், அந்த மென்பொருள் இன்னும் கடைத்தெருவுக்கு வரத் தயாராகவில்லை.