ரஷ்ய மொழியில் ஒரு வேலைக் கடிதம்

மலேசியா வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க அனுமதித்துள்ள 15 நாடுகளில் உஸ்பெகிஸ்தான், கஸக்ஸ்தான், துர்க்மெனிஸ்தானும் உண்டு. ஈப்போவில் தொழிற்சாலை நடத்தும் நண்பர் ஒருவர், உஸ்பெக் தொழிலாளி ஒருவருக்குத் தரவிருந்த ஆங்கில வேலைக் கடிதத்தையும் அதன் ரஷ்ய மொழிபெயர்ப்பையும் என்னிடம் காட்டினார். அந்தத் தொழிலாளி முன்பு ரஷ்யாவில் வேலை பார்த்தவர். ரஷ்ய மொழி நன்றாகவே வாசிப்பார். சிக்கலே அங்கேதான். சொல்லோடு சேர்ந்து அந்த நாட்டுச் சட்டமும் மனதில் வந்துவிடும்.

முதலில் சம்பளம். ஆங்கிலத்தில் அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட், முழு வருகைக்கு அலவன்ஸ் 200. மொழிபெயர்ப்பிலோ இரண்டும் சேர்ந்து 'அக்லாட்' 1,900 என்று இருந்தது. ரஷ்யாவில் அக்லாட் என்றால் அலவன்ஸ் எதுவும் சேராத நிலையான மாதச் சம்பளம். ஒரு நாள் வராவிட்டால் 200 போய்விடும் என்பது அதில் தெரியாது. அந்த மாதம் 1,700-இல் இபிஎஃப் 2 சதவீதம், அதாவது 34 ரிங்கிட், பிடித்தால் மிச்சம் 1,666. சொக்சோவுக்கும் கொஞ்சம் போகும். கைக்கு வருவதை ரஷ்யர்கள் 'நா ருகி' என்பார்கள். அதைத் தனி வரியாக எழுதினால் குழப்பம் தீரும்.

அடுத்தது தகுதிகாண் காலம். ரஷ்யத் தொழிலாளர் சட்டப்படி சாதாரணத் தொழிலாளிக்கு இது மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. காலம் முடிந்தும் வேலையைத் தொடர்ந்தால் தேறிவிட்டதாகவே கணக்கு. நம் நாட்டுச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. கடிதத்தில் ஆறு மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம் என்று இருந்தது. காலம் முடிந்தாலும், உறுதிப்படுத்தாதவரை அவர் தகுதிகாண் நிலையிலேயே இருப்பார் என்று 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நமக்கு நன்கு தெரிந்த தோட்ட நிறுவனமான குத்ரி சம்பந்தப்பட்ட வழக்கு. ஆக, அந்த உஸ்பெக்காரர் நான்காம் மாதமே தாம் நிரந்தரம் என்று எண்ணியிருப்பார். கம்பெனியோ ஏழாம் மாதமும் அப்படிச் சொல்லியிருக்காது.

(சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் நம் தாத்தாமார் கைநாட்டு வைத்த தாள்களை யார் வாசித்துக் காட்டினார்கள் என்று கேட்கத் தோன்றியது. அவர்களுக்கு மொழிபெயர்ப்பு கிடைத்ததா என்பதே சந்தேகம்.)

கையெழுத்து ஆங்கிலப் பிரதியில்தான். ரஷ்யப் பிரதி புரிந்துகொள்ள மட்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதை ரஷ்ய மொழியிலும் எழுதச் சொன்னேன். பிறகு ஆங்கிலக் கடிதத்தைப் பார்க்காத, ரஷ்ய மொழி தெரிந்த வேறொருவரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்து, தொகைகளையும் தேதிகளையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். அவரும் 1,900 என்றுதான் சொன்னார். நண்பர் அன்றே அந்த வரியை இரண்டாகப் பிரித்தார். நீட்டிப்பு மூன்று மாதத்துக்கு மேல் போகாது, உறுதிப்படுத்தல் எழுத்தில் தரப்படும் என்று இரண்டு பிரதிகளிலும் சேர்த்தார்.