வாயால சொன்னா, விரல் சரியா டைப் பண்ணணும்! உங்க தெருக்கடைக்கு டொமைன் பெயர் பிடிப்பது எப்படி?

"டேய், நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுடா... தீபாவளி ஆர்டரெல்லாம் அதுலயே வரட்டும்!"

வீட்டுல கொஞ்சம் போனும் கையுமா இருக்கிற ஆள் நீங்கதான்னா, இந்த வேலை ஒருநாள் உங்க தலையில வந்து விழும். நீங்களும் உற்சாகமா உட்கார்ந்து, கடை போர்டுல இருக்கிற முழுப் பெயரையும் அப்படியே ஆங்கிலத்துல தட்டி, காலியா இருக்குனு தெரிஞ்சதும் பணம் கட்டி வாங்கிடுவீங்க. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்குது. ஏன்னு ஒரு கடையை வைத்தே பார்க்கலாம்.

சேலத்துல ஒரு தட்டுவடை செட் கடைனு கற்பனை பண்ணிக்கோங்க. போர்டுல 'ஸ்ரீ வேல்முருகன் தட்டுவடை செட்'னு எழுதியிருக்கு. தமிழ்ல இதை எழுத ஒரே வழிதான். ஆனா, டொமைன் பெயரை வாடிக்கையாளர் டைப் பண்ணப்போறது ஆங்கில எழுத்துல. 'ஸ்ரீ'யை sri, sree, shri, shree என்று 4 விதமாக எழுதுவாங்க. 'வேல்முருகன்' பெரும்பாலும் velmurugan. சிலருக்கு velmurukan. 'தட்டுவடை' வந்தா thattuvadai, thattuvada, thatuvadai, tattuvadai என்று குறைந்தது 4. பெருக்கிப் பாருங்க... 4 x 2 x 4 = 32. ஒரே கடைக்கு 32 முகவரி! அதுல நீங்க வாங்கினது ஒண்ணே ஒண்ணுதான்.

கூகுள் மன்னிக்கும், முகவரி மன்னிக்காது

'தப்பா அடிச்சாலும் கூகுள் கண்டுபிடிச்சிடுமே'னு கேட்கலாம். தேடுறப்போ அது உண்மை. பாதிப் பெயரை அடிச்சாக்கூட, 'இதைத்தானே கேட்டீங்க?' என்று அது திருத்திக் காட்டும். ஆனா, கடைசியில .in அல்லது .com சேர்த்து முழு முகவரியா அடிச்சா, போன் நேரா அந்த முகவரிக்குத்தான் போகும். ஒரு எழுத்து மாறினாலும் அது வேற இடம். ஒண்ணு, 'இந்தப் பக்கம் இல்லை'னு வரும். இல்லைன்னா, வேற யாரோ ஒருத்தரோட கடை திறக்கும். மெயிலும் அப்படித்தான். 50 செட் ஆர்டர் கொடுத்து ஒருத்தர் அனுப்பின மெயில், ஒரு 'h' விட்டுப்போனதால உங்ககிட்ட வரவே வராது. இதுல கொடுமை என்னன்னா, அப்படி ஓர் ஆர்டர் தவறிப்போனதே உங்களுக்குத் தெரியாது.

கவர்லயும் பில்லுலயும் QR கோடு அச்சடிச்சா போதாதா? கடைக்கு வந்தவங்களுக்குப் போதும். ஆனா, தெருக்கடைக்குப் புது வாடிக்கையாளர் வர்றது பெரும்பாலும் வாய்வழியாத்தான். பக்கத்து வீட்டு அக்கா பஸ்ல போகும்போது போன்ல சொல்வாங்க, அந்தப் பக்கம் இருக்கிறவர் காதால கேட்டு டைப் பண்ணுவார். அந்தப் பயணத்துல பிழைச்சு வர்ற பெயர்தான் நல்ல டொமைன் பெயர்.

எந்த எழுத்துகள் சறுக்கும்?

தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்துல சறுக்குற இடங்கள் பெரும்பாலும் இந்த நாலுதான். முதலாவது 'ழ'. zh போடுறவங்களும் உண்டு, l போடுறவங்களும் உண்டு. 'வாழை'னு பெயர் வெச்சா பாதிப் பேர் வேற இடத்துக்குப் போவாங்க. இரண்டாவது த, ட. th, t, d மூன்றும் மாறி மாறி வரும். மூன்றாவது நெடில். aa-வா, a-வா? oo-வா, u-வா? நான்காவது இரட்டை எழுத்து. 'முத்து'வை muthu-னு எழுதுறவங்க அதிகம், muththu-னு எழுதுறவங்களும் இருக்காங்க.

இந்தக் குழப்பம் அரசையே ஒரு கை பார்த்திருக்கு. 2020 ஜூன் மாதம், 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்துல எழுதும்படி தமிழக அரசின் அரசாணை வெளியானது. Coimbatore என்பது Koyampuththoor ஆனது. ஏகப்பட்ட விமர்சனம். சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உச்சரிப்புக்கு எது சரி என்பது ஒரு கேள்வி. மக்களோட விரல் எதை எழுதிப் பழகியிருக்கு என்பது வேறு கேள்வி. டொமைன் பெயருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

சரி, பெயரைச் சுருக்கலாம்

நம்ம சேலம் கடைக்கே வருவோம். போர்டுல என்ன பெயர் இருந்தாலும், தெருவுல யாரும் 'ஸ்ரீ வேல்முருகன் தட்டுவடை செட்'னு முழுசா சொல்ல மாட்டாங்க. ஒருநாள் சாயங்காலம் கடையில நின்னு காதைத் தீட்டிக்கோங்க. 'செட்டு சாப்பிடப் போலாமா?', 'முருகன் செட்டுக்கு வந்துடு' என்றுதான் பேச்சு வரும். அந்த வாய்ப் பெயர்ல இருந்துதான் தொடங்கணும்.

முதல் யோசனை, velset. ஆறே எழுத்து, அழகா இருக்கு. ஆனா, போன்ல சொன்னா எதிர்முனையில இருக்கிறவர் wellset-னு அடிப்பார். அவர் மேல தப்பில்லை, காதுக்கு இரண்டும் ஒண்ணுதான். அடுத்தது, salemmurugan. எழுதிப் பார்த்தாதான் சிக்கல் தெரியும். salem முடியுற m, murugan தொடங்குற m இரண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அவசரத்துல ஒரு m-ஐ விட்டுடுவாங்க. ganeshhotel மாதிரி பெயர்களுக்கும் இதே கதிதான். டொமைன் பெயர்ல இடைவெளி விட முடியாது என்பதால், இரண்டு சொல் ஒட்டுற இடத்தை எப்பவும் சின்ன எழுத்துல எழுதிப் பார்க்கணும்.

மூன்றாவது, muruganset. பத்து எழுத்து. 'முருகன்' என்பதைப் பெரும்பாலானவங்க ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. 'செட்' எல்லாருக்கும் தெரிஞ்ச மூணு எழுத்து. ஒட்டுற இடத்துல n-ம் s-ம் மோதல. 32-ல இருந்து ஏறக்குறைய ஒண்ணுக்கு வந்துட்டோம்.

நடுவுல கோடு போட்டு murugan-set ஆக்கலாமா? வேண்டாம். 'நடுவுல ஒரு கோடு போடுங்க'னு சொன்னா, பாதிப் பேர் கீழ்க்கோடு போடுவாங்க. கீழ்க்கோடு டொமைன் பெயர்ல அனுமதியே இல்லை. எண்ணும் அப்படித்தான். '2'னு வாயால சொன்னா அது எண்ணா, two-வா, to-வானு கேட்கிறவருக்குத் தெரியாது.

தெருப் பெயரைச் சேர்க்கிற ஆசையும் வரும். கடை நாளைக்கு இரண்டு தெரு தள்ளிப் போனா, பழைய தெருப் பெயரைச் சுமந்துகிட்டே இருக்கணும். ஊர்ப் பெயர் பரவாயில்லை.

வாய்ஸ் மெசேஜ் டெஸ்ட்

பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்த ஒரு வேலையை மட்டும் செஞ்சிடுங்க. ஐந்து பேருக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. எழுத்துல அனுப்பக் கூடாது, ஸ்பெல்லிங்கும் சொல்லக் கூடாது. 'முருகன் செட் டாட் இன், இதை இங்கிலீஷ்ல எப்படி அடிப்பீங்கனு டைப் பண்ணி அனுப்புங்க' என்று மட்டும் கேளுங்க. ஐந்து பேரும் உங்க காலேஜ் நண்பர்களா இருக்கக் கூடாது. அத்தை, ஆட்டோ ஓட்டுற அண்ணன், பக்கத்துக் கடைக்காரர்னு கலந்து அனுப்புங்க. உண்மையான வாடிக்கையாளர்கள் அவங்கதான்.

நாலு பேராவது சரியா அடிச்சா பெயர் பாஸ். இரண்டு, மூன்று பேர் ஒரே மாதிரி தப்பு பண்ணினா அந்தப் பெயரை மாத்துங்க. ஒருத்தர் மட்டும் தப்பு பண்ணி, உங்களுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிச்சிருந்தா, அந்தத் தப்பு ஸ்பெல்லிங்கையும் சேர்த்து வாங்கி, சரியான முகவரிக்குத் திருப்பிவிடலாம். அடுத்த நாள் அதே ஆள்கிட்ட, 'நேத்து ஒரு பேர் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?'னு கேட்டுப் பாருங்க. நினைவுல நிக்குதானும் தெரிஞ்சிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு பார்வை

முதல்ல, .com யார்கிட்ட இருக்குனு பாருங்க. உள்ளூர்க் கடைக்கு .in தாராளமா போதும். ஆனா, நம்ம மக்கள் பலருக்கு விரல் தானா .com-க்குப் போகும். அந்த .com-ல வேற ஒரு பலகாரக் கடை இருந்தா, உங்க விளம்பரம் அவங்களுக்கு வேலை செய்யும். அப்போ பெயரையே மாத்துறதுதான் நல்லது. காலியா இருந்தா இரண்டையும் வாங்கிடுங்க.

இரண்டாவது, பெயரோட பழைய ஜாதகம். web.archive.org போய் அந்த முகவரியைப் போட்டா, முன்னாடி அங்கே என்ன இருந்ததுனு பெரும்பாலும் தெரியும். சூதாட்டத் தளமா இருந்திருந்தா தொடாதீங்க.

மூன்றாவது, டிரேட்மார்க். இந்தியக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகத்தோட இணையதளமான ipindia.gov.in-ல இலவசமாவே தேடலாம். உங்க தொழில்லயே அந்தப் பெயரை யாராவது பதிவு செஞ்சிருந்தா, டொமைன் காலியா இருந்தாலும் பின்னாடி நோட்டீஸ் வரலாம்.

இன்னொரு விஷயம். bestsnacks, cheapsnacks என்றெல்லாம் பெயருக்குள்ள திணிச்சா கூகுள்ல மேலே வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அப்படிப் பெயரை மட்டும் நம்பியிருந்த தரமில்லாத தளங்களை கூகுள் 2012-லயே கீழே தள்ளிடுச்சு. பக்கத்துல இருக்கிறவங்க கண்டுபிடிக்கணும்னா, கூகுள் மேப்ல கடையோட போர்டுல இருக்கிற பெயரைச் சரியா போட்டு, அங்கே இந்த முகவரியை இணைச்சு வைங்க.

'தமிழ்லயே வாங்க முடியாதா?' முடியும், .இந்தியா என்ற முடிவோட தமிழ் முகவரிகள் இருக்கு. ஸ்பெல்லிங் குழப்பமே கிடையாது. ஆனா, லிங்க்கை காப்பி பண்ணி அனுப்பும்போது சில இடங்கள்ல xn-- என்று தொடங்குற புரியாத எழுத்துக் கோவையா மாறித் தெரியும். பார்க்கிறவர் மோசடி லிங்க்னு பயந்துடுவார். இரண்டாவது முகவரியா வெச்சுக்கலாம்.

கடைசியா, யார் பெயர்ல வாங்குறீங்க?

வெப்சைட் பண்ணிக் கொடுக்கிற பையன் தன் கணக்குல, தன் பெயர்ல வாங்கிட்டு, பிறகு வேற ஊருக்குப் போயிட்டா கடையோட முகவரியும் அவன்கூடவே போயிடும். அதனால, பதிவுல உரிமையாளர் இடத்துல அப்பா பெயரோ அம்மா பெயரோ, அவங்க போன் நம்பர், அவங்க மெயில் இருக்கணும்.

முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்த்து மயங்காம, புதுப்பிக்கிற விலையையும் பாருங்க. அது பெரும்பாலும் கூடுதலாத்தான் இருக்கும். ஆட்டோ ரின்யூவலைப் போட்டுட்டு, போன் காலண்டர்லயும் ஒரு மாசம் முன்னாடி ரிமைண்டர் வைங்க. தேதி தாண்டி ரொம்ப நாள் விட்டா, மீட்க அபராதம் மாதிரி கூடுதல் தொகை கேட்பாங்க. அதையும் விட்டா, வேற யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் போர்டு எழுதுறவர்கிட்ட, முகவரியை சின்ன எழுத்துல, .in வரைக்கும் முழுசா எழுதச் சொல்லுங்க. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல எழுதிக் காட்டச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தா நீங்களே சரிபாருங்க. அங்கே ஒரு 'n' விட்டுப்போனா, இவ்வளவு பாடுபட்டதும் வீண்!