விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும்

தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் சேர விண்ணப்பிக்கும் ஆலோசகர், தன் கேட்கும் திறனைக் காட்ட ஒரு நிகழ்வை எழுதுவார். சறுக்கல் அங்கேதான். “எங்கள் ஊர் வங்கி மேலாளரின் மகள், நீட் தேர்வில் தோற்றவர்” என்று எழுதினால், பெயர் சொல்லாமலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுவார். “தேர்வில் தோற்ற ஒருவர்” என்பதே போதும்.

மீதி இடம் ஆலோசகர் கேட்ட விதத்துக்கு: “அவர் அழுதபோது குறுக்கிடவில்லை. ‘வீட்டாரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, இல்லையா?’ என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். பிறகு, ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று கேட்டேன்.” இப்படி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, மனம் திறக்க வழிவிடும்.

ரகசியத்தின் எல்லையையும் கடிதம் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் தேவையான தகவலை மட்டும் வெளியிட 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. “அப்போது மேற்பார்வையாளரிடம் சொல்வேன், சொல்வதை அழைத்தவரிடமும் மறைக்கமாட்டேன்” என்று எழுதுபவரை நம்பலாம்.